எதிர்வீட்டுப் பெருநாளுக்கு 50 விநாடி

பக்கத்து வீட்டில் வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், நாளைக்கு அவர்களுக்குப் பண்டிகை, போய் வாழ்த்தவேண்டும் என்று மனசும் இருக்கிறது. ஆனாலும் நிறைய பேர் வாசல்வரை போவதில்லை. எப்போது போவது, என்ன சொல்வது, எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்ற தயக்கம்தான் காரணம். இந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதற்காகத்தான் நாங்கள் குடியிருக்கும் வளாகத்தினருக்கு ஒரு குறும்படம் செய்தேன். கைப்பேசியில் பார்க்கிற, 50 விநாடி ஓடுகிற சின்ன வீடியோ. ரம்ஜான் என்று பலரும் சொல்லும் நோன்புப் பெருநாளுக்காகச் செய்தது. அதை எழுதி, எடுத்து, அனுப்பியதில் தெரிந்துகொண்டவற்றை இதேபோல் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எல்லாப் பண்டிகைக்கும் பொதுவாக ஒரே வீடியோ செய்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பண்டிகையில் சரியாக இருப்பது இன்னொன்றில் பொருந்தாது. புனித வெள்ளி ஏசு சிலுவையில் மரித்த நாள். அன்று கிறிஸ்தவ நண்பருக்கு 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்று அனுப்புவது துக்க வீட்டில் வாழ்த்துச் சொல்வதுபோல் ஆகிவிடும். மகிழ்ச்சியைச் சொல்லும் நாள் ஈஸ்டர் ஞாயிறு. முஹர்ரம் பத்தாம் நாள் ஷியா முஸ்லிம்களுக்கு இமாம் ஹுசைன் கர்பலாவில் கொல்லப்பட்டதை நினைத்து அழுகிற நாள். யூதர்களின் யோம் கிப்பூர் நாள் முழுக்க உபவாசமும் மன்னிப்பு வேண்டுதலுமாகப் போகும். கிறிஸ்துமஸ் என்றாலே டிசம்பர் 25 என்று எண்ணிவிட முடியாது. பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அது ஜனவரி 7 அன்று வருகிறது. இத்தனையையும் ஒரே வீடியோவில் திணித்தால், பார்க்கிறவர் இன்னும் குழம்பி வாசலுக்குப் போகாமலேயே இருந்துவிடுவார். ஒரு பண்டிகை, ஒரு வாசல், சொல்ல ஒரு வரி. இதற்கு மேல் 50 விநாடி தாங்காது.

நோன்புப் பெருநாளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எதிர்வீட்டு அக்கா. அக்கா, அவர் கணவர், கணவரின் அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. எனக்குத் தெரியாததை எந்தக் கூச்சமும் இல்லாமல் கேட்கலாம். அவரும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்வார். வீடியோ செய்கிறவர்களுக்கு என் முதல் யோசனையும் இதுவே. அந்த மதத்தைப் பின்பற்றும் ஒருவர் எழுத்தைப் படிக்காமல் படப்பிடிப்பைத் தொடங்காதீர்கள். அதுவும் எழுத்தாக இருக்கும்போதே காட்டிவிட வேண்டும். எடுத்து முடித்த படத்தைக் காட்டினால், 'இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்களே' என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு 'நல்லாருக்கு' என்றுதான் சொல்வார்கள். காகிதத்தில் இருக்கும்போதுதான் பேனாவைக் கையில் எடுப்பார்கள்.

அக்கா பேனாவை எடுத்தார். வாசலில் சொல்லவேண்டிய வரியாக நான் எழுதியிருந்தது இது: 'பெருநாள் வாழ்த்துகள். முப்பது நோன்பும் நல்லபடியா வெச்சு முடிச்சீங்களா?' வாழ்த்தோடு நிறுத்தாமல் அவர்களுடைய உழைப்பையும் மதித்துக் கேட்கிற மாதிரி இருக்கட்டும் என்பது என் எண்ணம். அக்கா இரண்டாவது வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டார்.

"இதை எடுத்துடும்மா. கேக்குறவங்க அன்பாத்தான் கேப்பாங்க, எனக்குத் தெரியும். ஆனா எங்க வீட்ல வயசுக்கு வந்த பொண்ணு இருக்கா. மாசத்துல அந்த நாள்ல நோன்பு கெடையாது, பொறவுதான் அதைக் கழிப்போம். எல்லார் முன்னாடியும் 'முப்பதும் வெச்சியா'ன்னு ஒருத்தர் கேட்டா அவ என்ன சொல்லுவா? அத்தைக்குச் சக்கரை. டாக்டர் வைக்கக்கூடாதுன்னுட்டாரு. அவங்களுக்கு அதுவே பெரிய மனக்குறை. பெருநாள் அன்னிக்கு வாசல்ல நின்னு அதைக் கிளறணுமா?"

இந்த விஷயத்தை நான் எந்தக் கட்டுரையிலும் படித்திருக்க முடியாது. நோயாளிகளுக்கும், பயணத்தில் இருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் நோன்பில் சலுகை உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை, விட்டதைப் பின்னர் ஈடு செய்கிறார்கள். இதெல்லாம் தகவலாக எங்கும் கிடைக்கும். ஆனால் ஒரு சாதாரண நலவிசாரிப்பு இந்தச் சலுகைகளில் ஒன்றைப் பொதுவில் வெளிப்படுத்தச் சொல்லும் கேள்வியாக மாறிவிடும் என்பதை அந்த வீட்டில் வாழ்கிறவர்தான் சொல்ல முடியும். இன்னொன்றும் உண்டு. நோன்பு வைக்கும் ரமலான் மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம். அதனால் 'முப்பது' என்ற எண்ணே சில வருஷங்களில் தப்பாகிவிடும்.

கடைசியில் அந்த வரி இப்படி நின்றது: 'பெருநாள் வாழ்த்துகள். வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?' இதைவிட எளிமையாக எழுத எனக்குத் தெரியவில்லை, எழுதவும் தேவையில்லை. 'ஈத் முபாரக்' என்று சொல்லவேண்டாமா என்று கேட்டேன். சொல்லலாம், சந்தோஷப்படுவோம், ஆனால் வாயில் வராத சொல்லைக் கஷ்டப்பட்டுச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்றார் அக்கா. வீடியோவில் இரண்டையும் வைத்தேன். முதலில் தமிழ் வாழ்த்து, அடுத்து 'ஈத் முபாரக் என்றும் சொல்லலாம்' என்று ஒரு துணை வரி. பின்னணிக் குரல் என்னுடையது என்பதால் அந்த இரண்டு சொற்களை மட்டும் அக்காவின் கணவர் சொல்லக் குரல்செய்தியாக வாங்கி, கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டேன். 'ஈ' நன்றாக நீள வேண்டும், 'பா'வை மென்மையாக ஒலித்து அழுத்தம் கொடுக்க வேண்டும். யாருடைய பேச்சையும் நடித்துக் காட்டுவதுபோல் ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். என் இயல்பான குரலில், என் இயல்பான தமிழில்தான் அதுவும் வந்தது.

அடுத்த சிக்கல் நாளும் நேரமும். நோன்புப் பெருநாள் ரமலானுக்கு அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தின் முதல் நாள். ரமலான் 29ஆம் நாள் மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியவில்லை என்றால் 30 நோன்பையும் முடித்து அதற்கடுத்த நாள். ஆக, முந்தின நாள் மாலைவரை யாருக்குமே நிச்சயமாகத் தெரியாது. நாட்டுக்கு நாடும் மாறும். 2024இல் சவுதி அரேபியாவில் ஏப்ரல் 10 பெருநாள். இந்தியாவின் பெரும்பகுதியில் ஏப்ரல் 11. அதே இந்தியாவுக்குள் கேரளத்தில் ஏப்ரல் 10 அன்றே கொண்டாடிவிட்டார்கள். நாட்காட்டியில் அச்சாகியிருக்கும் விடுமுறைத் தேதியை நம்பி, காலை ஆறு மணிக்குத் தானாகப் போய்ச்சேரும்படி வீடியோவை அமைத்துவைப்பது ஆபத்து. அந்த வீட்டில் அன்று கடைசி நோன்பு நடந்துகொண்டிருக்கலாம்.

இதற்கு நான் செய்தது எளிது. வீடியோவில் எந்தத் தேதியும் போடவில்லை, கிழமையும் சொல்லவில்லை. 'பிறை தெரிந்ததாக அறிவிப்பு வந்ததும்' என்றே சொன்னேன். அனுப்புவதையும் அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைத்தேன். இஸ்லாமிய நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. அதனால் பிறை அறிவித்த அந்த இரவிலேயே வாழ்த்துச் சொன்னாலும் முறைதான், சீக்கிரம் என்று ஆகாது. கைப்பேசியில் ஒரு வரி அனுப்ப நினைப்பவர்களுக்கு அந்த இரவுதான் நல்ல நேரம். நேரில் போகிறவர்களுக்கு அது வேண்டாம். மறுநாளுக்கான வேலைகளும், தொழுகைக்கு முன்னால் ஏழைகளுக்குப் போய்ச் சேரவேண்டிய ஃபித்ராவைக் கொடுக்கும் அவசரமும் சேர்ந்து வீடே பரபரப்பாக இருக்கும்.

காலையும் அப்படியே. சூரியன் உதித்துக் கொஞ்ச நேரத்தில் பெருநாள் தொழுகை. பள்ளிவாசலிலோ திடலிலோ கூடுவார்கள். தொழுகை முடிந்ததும் குத்பா எனப்படும் சொற்பொழிவு. அது முடிந்தபின் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு, பெரியவர்களைப் பார்த்து, சிலர் அடக்கத்தலம் போய் இறந்தவர்களுக்காகத் துஆ செய்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். எனவே வீடியோவில் 'காலையில் தொழுகை இருக்கும்; திரும்பி வந்து கொஞ்சம் ஓய்ந்த பிறகு போங்கள்' என்று வைத்தேன். மணி சொல்லவில்லை. சாயங்காலம் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. உறவினர் கூட்டமெல்லாம் குறைந்து, உட்கார்ந்து பேச வாய்க்கிற நேரம் பல வீடுகளில் அதுதான்.

இனிப் படம். இதில் என் முடிவு ஒன்றுதான், அதில் கடைசிவரை உறுதியாக நின்றேன்: உண்மையான வாழ்த்தைப் படம்பிடிப்பதில்லை. அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, அவர் கதவு திறக்கும் கணத்தைக் கேமராவில் பிடித்தால் காட்சி அருமையாக வரும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வாழ்த்து அக்காவுக்கு உரியதாக இருக்காது. அவரால் முகம் சுளிக்கவும் முடியாது, 'இப்ப வேண்டாம்மா' என்று சொல்லவும் முடியாது. பண்டிகைக்கு உடுத்தியிருக்கும் பிள்ளைகள், வந்திருக்கும் உறவுப் பெண்கள் என்று யார்யாரோ சட்டகத்துக்குள் வந்துவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே பிறை தெரிவதற்குப் பல நாள் முன்னாடியே, என் வீட்டுக் கதவில், என் தம்பியையும் அவன் நண்பனையும் வைத்து நடித்தே எடுத்தோம். அந்த நண்பன் முஸ்லிம். தானாகவே வருகிறேன் என்று சொன்னவன். முகம் அதிகம் வராமல், கதவு, கை, தோள் என்றே சட்டகங்களை அமைத்தேன்.

அதில் ஒரு சட்டகத்துக்கு மட்டும் நிறைய நேரம் செலவிட்டேன். கை. வாழ்த்தப் போகிறவர் ஆணாகவும் கதவைத் திறப்பவர் பெண்ணாகவும், அல்லது மாறியும் இருந்தால், கை குலுக்குவதைச் சிலர் தவிர்ப்பார்கள். எல்லோரும் அல்ல, ஆனால் யார் தவிர்ப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. நாம் கையை நீட்டிவிட்டால், மறுக்கவேண்டிய பாரம் அவர்கள் தலையில் விழுகிறது. பண்டிகை நாளில் தன் வீட்டு வாசலில் ஒருவர் அந்தத் தர்மசங்கடத்தில் நிற்கவேண்டாம். அதற்கு வழி, வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, தலையை லேசாகத் தாழ்த்தி வாழ்த்துவது. அவர்கள் கை நீட்டினால் குலுக்கலாம்.

இதைத் தம்பி முதலில் செய்தபோது விறைப்பாக வந்தது. விரல்கள் நீட்டி, உள்ளங்கை தட்டையாக, ஏதோ உறுதிமொழி எடுப்பவன்போல் நின்றான். 'நீ ஒண்ணும் செய்யாதே, வாழ்த்தை மட்டும் அவனைப் பார்த்துச் சொல்லு, கை தானா வரட்டும்' என்றேன். அப்போது விரல்கள் கொஞ்சம் மடங்கி, கை மார்பின் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக வந்து இளைப்பாறியது. கேமராவைத் தோள் உயரத்தில், பக்கவாட்டில் வைத்தேன். கையும், தாழும் முகவாயும் மட்டும் தெரியும். மூன்று விநாடிதான். சொல்லிக்கொடுக்க நாலு வாக்கியம் வேண்டிய விஷயம் அதில் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் குரலை நிறுத்தி மௌனமாகவே விட்டேன்.

பின்னணிப் படங்களைத் தேடும்போது கவனம் வேண்டும். 'ஈத்' என்று தேடினால் கஅபாவைச் சுற்றிவரும் கூட்டம், ஆடு, எல்லாம் கலந்து வரும். ஹஜ்ஜும், குர்பானி எனும் பிராணிப் பலியும் சேர்வது பக்ரீத் எனப்படும் ஹஜ்ஜுப் பெருநாளோடு. நோன்புப் பெருநாள் வீடியோவில் அவை வந்தால், 'எந்தப் பெருநாள் என்றே தெரியாமல் வாழ்த்துகிறார்கள்' என்று அந்த வீட்டுக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். குர்ஆன் வசனமோ அல்லாஹ்வின் பெயரோ எழுதிய அலங்கார எழுத்துப் படங்களையும் விட்டுவிட்டேன். அதன்மேல் நம் எழுத்து ஓடும், பாதியில் வெட்டுப்படும், ஒருவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போவார். அவர்கள் மரியாதையாகக் கையாளும் ஒன்றை நாம் அலங்காரத் துணியாக்க வேண்டாம். நபிமார்களை உருவமாகக் காட்டும் ஓவியம் எதுவும் கிட்டவே வரக்கூடாது. நடிப்பவருக்குத் தொப்பி மாட்டிவிடுவதும் வேண்டாம்; நண்பன் தான் சாதாரணமாக உடுத்தும் சட்டையில்தான் வந்தான்.

பின்னணி இசை பற்றிக் கேட்டபோது அக்கா, "எங்களுக்கு ஒண்ணுமில்ல, ஆனா அத்தைக்குப் பாட்டு கீட்டு புடிக்காது" என்றார். இசைக்கருவி விஷயத்தில் முஸ்லிம்களுக்குள்ளேயே பலவிதமான நிலைப்பாடு உண்டு. இசை இல்லாத வீடியோ யாரையும் உறுத்தாது, அதனால் இசையே வைக்கவில்லை. கதவு தட்டும் ஓசையும் பேச்சும் மட்டும். பாங்கோசையைப் பின்னணியாகப் போடும் யோசனையை ஒருவர் சொன்னார். பாங்கு தொழுகைக்கான அழைப்பு. பின்னணி ஒலியாக அதைப் பயன்படுத்தக் கூடாது. தவிர, பெருநாள் தொழுகைக்குப் பாங்கே சொல்வதில்லை.

எழுதி முடித்த குரல்வரி முழுதும் இதுதான்:

'பக்கத்து வீட்டில் பெருநாளா? போய் வாழ்த்திவிட்டு வரலாம். பிறை தெரிந்ததாக அறிவிப்பு வந்ததும் கைப்பேசியில் வாழ்த்தலாம். நேரில் என்றால், காலையில் தொழுகை இருக்கும். திரும்பி வந்து கொஞ்சம் ஓய்ந்த பிறகு போங்கள். வாசலில் நின்று, "பெருநாள் வாழ்த்துகள். வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஈத் முபாரக் என்றும் சொல்லலாம். கை நீட்டினால் குலுக்குங்கள். இல்லையென்றால் இப்படி.' (மூன்று விநாடி மௌனம், நெஞ்சில் கை.) 'உள்ளே கூப்பிட்டால் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். விருந்தாளிகள் நிறைந்திருந்தால் வாசலோடு விடைபெறுங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.'

நிதானமாகப் பேசினால் தமிழில் ஒரு விநாடிக்கு ஒன்றரைச் சொல்லுக்கு மேல் ஓடாது. நம் சொற்கள் நீளமானவை. மௌனமும் இடைநிறுத்தங்களும் போக 50 விநாடிக்கு 60, 65 சொல்தான் அளவு, அதற்கு மேல் போனால் குரல் ஓட்டம் பிடிக்கும். வாழ்த்துச் சொல்லும் குரலில் அவசரம் தெரிந்தால் அன்பு தெரியாது.

இந்த வரிகளில் 'எல்லா மதமும் ஒன்றுதான்' என்ற வாசகம் இல்லாததைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. தன் மார்க்கம் இன்னது என்று நம்பித்தான் ஒருவர் ஒரு மாதம் முழுக்க விடியலுக்கு முன்னிருந்து சூரியன் மறையும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார். அவர் வாசலில் போய், 'உங்களுடையதும் எங்களுடையதும் ஒன்றுதான்' என்று தீர்ப்புச் சொல்வது அவருக்கும் சரியில்லை, வாழ்த்தப் போகிறவர் தன் நம்பிக்கையில் உறுதியானவராக இருந்தால் அவருக்கும் சரியில்லை. வித்தியாசமாகவே இருந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரரின் சந்தோஷத்தில் சந்தோஷப்படலாம். வழிபாட்டில் கலந்துகொள்வது வேறு, மனிதரை வாழ்த்துவது வேறு. மதநல்லிணக்கச் சுவரொட்டிபோல் வீடியோ செய்தால், பார்க்கிறவர் கைதட்டுவார், கதவைத் தட்டமாட்டார்.

கையில் எதையாவது கொண்டுபோகலாமா என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. 50 விநாடியில் அதற்கு இடமில்லை. வீடியோவோடு அனுப்பிய எழுத்தில் சுருக்கமாகச் சேர்த்தேன். வெறுங்கையோடு போவதில் குறையே இல்லை. கொண்டுபோனால் பழங்கள் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் தராதவை. கடைத் தின்பண்டம் என்றால் மிருகக் கொழுப்போ, ஜெலட்டினோ, மதுவோ சேர்ந்ததா என்று உறையைப் படித்துப் பாருங்கள். பூஜையில் படைத்த பிரசாதத்தைப் பலர் மார்க்க காரணத்தால் உண்ணமாட்டார்கள். வாங்காமலும் இருக்கமுடியாமல், உண்ணவும் முடியாமல் அவர்களை நிறுத்தவேண்டாம்.

இன்னொன்றையும் எழுத்தில் சேர்த்தேன், அது அக்காவின் மாமியார் சொன்னது. அந்த வருஷம் ஒரு வீட்டில் இறப்பு நடந்திருந்தால் என்ன செய்வது? வாழ்த்தாமல் ஒதுங்கிவிடலாமா? "ஒதுங்காதீங்க. பெருநாள் அன்னிக்குத்தான் இல்லாதவங்க நெனப்பு அதிகமா வரும். வந்து பக்கத்துல உக்காந்துட்டுப் போங்க" என்றார் அந்தப் பெரியம்மா. கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா எனும் காத்திருப்புக் காலத்தில் இருப்பார். அந்தக் காலத்தில் அலங்காரம் செய்துகொள்வதில்லை, அவசியம் இல்லாமல் வெளியே வருவதில்லை. பெருநாள் அதற்கு நடுவில் வந்தால், வாசலில் நின்று உரக்க வாழ்த்தாமல், வீட்டுப் பெண்கள் உள்ளே போய், 'இந்தப் பெருநாளுக்கு அண்ணன் இல்லாமப் போயிட்டாரே' என்று அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு வருவது நல்லது. பண்டிகை வாழ்த்து என்று தனியாக ஒன்றும் வேண்டாம்.

தொழில்நுட்பத்தில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றவை எங்கும் கிடைக்கும். நிறையப் பேர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள், அதனால் பேசும் ஒவ்வொரு சொல்லும் திரையில் எழுத்தாக வரவேண்டும். ஆனால் எடிட்டிங் செயலிகள் சிலவற்றில் தமிழ் எழுத்து உடையும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொள்ளும். சோதிக்க 'பெருநாள்', 'தொழுகை' என்ற இரண்டு சொல்லைத் தட்டிப் பார்த்தாலே போதும். ஒற்றைக் கொம்பு, அதோடு சேரும் கால், இணைக்கொம்பு மூன்றும் அவற்றில் இருக்கின்றன. அவை சரியாக வந்தால் மற்ற எழுத்துகளும் பெரும்பாலும் சரியாக வரும். உடைந்தால் எழுத்துருவை மாற்றுங்கள். மாற்றியும் உடைந்தால் வேறு செயலி. அடுத்த வீட்டாரின் பண்டிகைப் பெயரே சிதைந்து திரையில் நிற்கும் வீடியோவை அனுப்பக் கூடாது.

எழுத்தை வைக்கும் இடமும் முக்கியம். நெடுக்குவாக்கில் 1080 × 1920 அளவில் செய்கிறோம். செயலிகள் கீழ்ப்பகுதியில் பெயரையும் குறிப்பையும், வலது ஓரத்தில் பொத்தான்களையும் போட்டு மறைக்கும். கீழே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கையும் வலப்பக்க ஓரத்தையும் காலியாக விட்டு, நடுவுக்குச் சற்றுக் கீழே, இரண்டு வரிக்கு மிகாமல் வைத்தேன். வரியை உடைக்கும்போது பொருள் உடையாத இடத்தில் உடையுங்கள். 'படம் எடுக்க' என்று ஒரு திரையிலும் 'வேண்டாம்' என்று அடுத்த திரையிலும் வந்தால், பாதியில் கண் எடுத்தவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். அதனாலேயே அந்தக் கடைசி வரியை 'கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்' என்று மாற்றினேன். எங்கே உடைந்தாலும் பொருள் தலைகீழாகாது.

அனுப்புவதற்கு முன்பு அக்காவின் மாமியாரிடம் ஒலியில்லாமல் போட்டுக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர், நெஞ்சில் கை வைக்கும் இடம் வந்ததும் தன் கையையும் அப்படி வைத்துத் தலையசைத்தார். "இது நல்லாருக்கு. இதைப் பாத்துட்டு வர்றவங்களுக்கு நாங்க என்ன சொல்லணும்னு ஒண்ணும் போடலியே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'கைர் முபாரக்' என்று அவர்கள் பதில் சொன்னால் வந்தவர் விழிக்கக்கூடும். அது நம் வாழ்த்துக்கான மறுவாழ்த்து, சிரித்துத் தலையசைத்தால் போதும் என்று எழுத்துக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்.

பிறை அறிவிப்பு இரவில் வந்தது, அப்போதுதான் வீடியோவை அனுப்பினேன். மறுநாள் மதியத்துக்கு மேல் நானும் அம்மாவும் எதிர்வீட்டுக்குப் போனோம். எங்களுக்கு முன்பே மாடிவீட்டுத் தாத்தா அங்கே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாக மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி என்று அக்காவே சொல்லியிருக்கிறார். நாங்கள் உள்ளே போனபோது அக்காவின் கணவரும் அவரும் முழங்கால் வலியைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வீடியோவைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

இந்த வீடியோவை அடுத்த வருஷமும் அனுப்பலாம். தேதி இல்லை என்பதால் பழசாகாது. சந்திர ஆண்டு நம் ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு, எனவே பெருநாள் அந்த அளவு முன்னால் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் ஏறக்குறைய பத்து வாரத்தில் வரும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இதையே அனுப்ப முடியாது. அதன் தேதி பத்து நாள் முன்னாடியே தெரிந்துவிடும், ஆகவே 'பிறை அறிவிப்பு வந்ததும்' என்ற வரி போகவேண்டும். தொழுகைக்குப் பிறகு குர்பானி வேலை இருக்கும் என்பதால், போகும் நேரத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளவேண்டும். குர்பானி இறைச்சியில் பக்கத்து வீடுகளுக்கும் பங்கு கொடுப்பார்கள்; சைவம் சாப்பிடுகிறவர்கள் அதை எப்படி மனம் நோகாமல் முன்கூட்டியே சொல்லிவைப்பது என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த வரியைத் தானே எழுதித் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.